நீட் ஒரு மாத கிராஷ் கோர்ஸ்: மொத்தம் எவ்வளவு ஆகும்? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும் வாரத்தில் பெற்றோர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கேள்விகள் எல்லாம் பணம் பற்றியவைதான், ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதும் இல்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலில் திருச்சிக்குப் போன ஒரு மாணவிக்காக அவள் அப்பாவோடு உட்கார்ந்து போட்ட கணக்கிலிருந்து வந்தவை. உங்கள் ஊருக்குத் தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

நோட்டீஸ்ல 18,000 ரூபாய்னு போட்டிருக்கு. அவ்வளவுதானே சார்?

இல்லை. அது வகுப்புக் கட்டணம் மட்டும். அந்த மாணவியின் குடும்பத்துக்குக் கடைசியில் ஆன செலவு 38,000 ரூபாயைத் தாண்டியது. வெளியூரில் தங்கிப் படிப்பதென்றால், நோட்டீஸில் இருக்கும் தொகையை இரண்டால் பெருக்கிக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் மேலே போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பேச்சுக்கு அது போதும்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் ஏழு தலைப்பில் எழுத வேண்டும்: வகுப்புக் கட்டணம் வரியோடு, விடுதி, விடுதிக்கு வெளியே சாப்பாடு, புத்தகமும் ஜெராக்ஸும், போக்குவரத்து, சில்லறைச் சாமான்கள், தேர்வு நாள் செலவு. கடைசி இரண்டையும் அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி தனியாம். அது எவ்வளவு, கட்டித்தான் ஆகணுமா?

தனியார் பயிற்சி மையக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பள்ளிக் கட்டணத்துக்கு இருக்கும் விலக்கு இதற்குக் கிடையாது. 18,000 ரூபாய்க்கு 3,240 ரூபாய் வரி சேர்ந்து 21,240 ஆகிறது. அதனால் போனில் விசாரிக்கும்போதே “வரியோடு சேர்த்து நான் கட்ட வேண்டிய மொத்தத் தொகை என்ன?” என்று கேளுங்கள். “கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டால் வரி இல்லாத தொகையைத்தான் சொல்வார்கள்.

சின்ன மையங்கள் பல ஜிஎஸ்டி பதிவே செய்திருக்காது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர்கள் வரி என்று சொல்லி உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வரி வாங்கினால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். “பில் வேண்டாம்னா வரி இல்லாம முடிச்சுக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். அந்த 3,240 ரூபாய்க்காக ரசீதை விட்டுவிடாதீர்கள். பாதியில் பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ரசீதுதான்.

ஒரு மாசம்தானே, ஹாஸ்டல் ஒரு மாச வாடகைதானே வரும்?

பெரிய ஏமாற்றம் வரும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2025இல் பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. நீட் தேர்வு மே 4, ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு ஏப்ரல் 1 முதல் 30 வரை. வகுப்பு காலையில் தொடங்குவதால் மார்ச் 31 இரவே போய்த் தங்க வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் இரண்டு நாள் மாதிரித் தேர்வு வைத்தார்கள், ஆக மே 2 இரவு வரை தங்க வேண்டியிருந்தது. 30 நாள் வகுப்புக்கு 33 இரவு. கூடுதலான அந்த மூன்று இரவுகளில் ஒன்று மார்ச்சிலும் இரண்டு மே மாதத்திலும் நிற்கின்றன.

பெரும்பாலான விடுதிகள் காலண்டர் மாதக் கணக்கில் வாடகை வாங்குகின்றன. முன்கூட்டிப் பேசாமல் போனால் மே மாதம் இரண்டு நாள் இருந்ததற்கு முழு மாத வாடகை கேட்பார்கள். நாங்கள் சேரும்போதே கூடுதல் நாளுக்கு 300 ரூபாய் என்று பேசி, முன்பண ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டோம். மாத வாடகை சாப்பாட்டோடு 7,000, மூன்று கூடுதல் இரவுக்கு 900.

அப்புறம் முன்பணம். 5,000 ரூபாய் வாங்கினார்கள். காலி செய்யும்போது பராமரிப்பு என்று 1,000 பிடித்துக்கொண்டு 4,000 திருப்பித் தந்தார்கள். அந்த 1,000 செலவுதான், வாடகையோடு சேர்த்தே எழுதுங்கள். ஆக விடுதிக்கு 8,900 ரூபாய். இன்னொரு விஷயம், சில விடுதிகளில் “காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்” என்று விதி இருக்கும். ஒரு மாதம் மட்டுமே தங்கும் பிள்ளை சேரும் நாளிலேயே அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் முழுவதும் போய்விடும். என் சொந்த அண்ணன் மகனுக்கு ஒரு விடுதியில் 6,000 ரூபாய் அப்படித்தான் போனது.

கோச்சிங் சென்டரே ஹாஸ்டலும் சேர்த்துத் தர்றாங்க, அது லாபமா?

அலைச்சல் இல்லை, அது உண்மை. பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதையே விரும்புவதும் புரிகிறது. ஆனால் வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பில் போட்டு, மொத்தத்துக்கும் 18 சதவீத வரி சேர்க்கும் இடங்கள் உண்டு. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 ரூபாய் என்றால் அதன் மேல் மட்டும் 1,620 ரூபாய் வரி வந்துவிடும். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் வெளியே இருக்கும் விடுதியோடு ஒப்பிட முடியும்.

மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்தால் விடுதிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும். நம் பிள்ளை 33 நாள்தான் தங்குகிறது. அதனால் அந்த விலக்கை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், பில்லில் என்ன இருக்கிறதோ அதுதான்.

ஏசி ரூம் எடுக்கணுமா?

ஏப்ரல் மாதத் திருச்சி வெயிலில் இந்தக் கேள்வியை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் வகுப்பு வீண். ஆனாலும் முதலில் அறையைப் போய்ப் பாருங்கள், அதுவும் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையும் மேற்குச் சுவர் அறையும் இரவு பத்து மணி வரை அனல் விடும். கீழ்த்தளத்தில் ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் மின்விசிறியே போதும். அந்த மாணவிக்கு அப்படித்தான் எடுத்தோம்.

ஏசி அறைதான் என்று முடிவு செய்தால் மின்கட்டணம் வாடகையில் அடக்கமா, தனி மீட்டரா என்று கேளுங்கள். தனி மீட்டர் என்றால் ஒரு யூனிட்டுக்கு விடுதிக்காரர் என்ன விலை போடுகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

சாப்பாடு ஹாஸ்டல்லயே குடுக்குறாங்களே, வேற என்ன செலவு?

ஞாயிறு இரவு பல விடுதிகளில் சமையல் கிடையாது. மாதிரித் தேர்வு நாளில் வகுப்பு இரண்டரை மணி வரை போகும், திரும்பி வருவதற்குள் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். மாலை டீ, வாழைப்பழம், மோர் எல்லாம் வெளியேதான். நாளைக்கு 50 ரூபாய் என்றும், நான்கு ஞாயிறு இரவுக்குத் தலா 125 ரூபாய் என்றும் வைத்தோம். மொத்தம் 2,150 வந்தது. இதில் பிள்ளையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். 2,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று நாள் வயிற்றுவலி வந்தால் வகுப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

ஒரு மாதத்தில் புதிதாகத் தடித் தடியாக நூல்கள் வாங்கிப் படிக்க நேரமே இல்லை. ஒதுக்க வேண்டியது 2,000 ரூபாய்க்குள்தான். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கான என்சிஇஆர்டி நூல்கள் மொத்தம் பத்து: உயிரியல் இரண்டு, இயற்பியல் நான்கு, வேதியியல் நான்கு. எல்லாமே ncert.nic.in தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உயிரியல் இரண்டை மட்டும் அச்சுப் புத்தகமாக வாங்கச் சொல்வேன். அதில் வரிக்கு வரி அடிக்கோடிட வேண்டியிருக்கும், கைபேசியில் அது நடக்காது. மற்றவற்றை மூத்த மாணவர்களிடம் கேட்டு வாங்கலாம்.

எங்கள் கணக்கில் உயிரியல் நூல்கள் 400, முந்தைய ஆண்டு வினாத்தொகுப்பு ஒன்று 600, ஓஎம்ஆர் தாளும் ஜெராக்ஸும் 500, நோட்டும் பேனாவும் 300. கூட்டினால் 1,800. ஓஎம்ஆர் தாளுக்குப் பணம் ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. நீட் 180 கேள்வி, 180 நிமிடம், பேனாவால் வட்டத்தை நிரப்பும் தேர்வு. பல மையங்கள் மாதிரித் தேர்வைக் கைபேசிச் செயலியில் வைத்துவிடுகின்றன. அப்போது பிள்ளை தானாகத் தாளில் எழுதிப் பழக வேண்டும். சேரும் முன் மாதிரித் தேர்வு தாளிலா, செயலியிலா என்று கேளுங்கள்.

பழைய வழிகாட்டி நூல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் நீக்கிய பாடங்களும் இருக்கும். நேரம் குறைவாக இருக்கும் பிள்ளை தெரியாமல் அதையும் படித்துக்கொண்டிருக்கும்.

தமிழ் மீடியம் பிள்ளைக்குத் தனியா ஏதும் செலவு வருமா?

வரலாம். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் என்சிஇஆர்டி நூல்கள் தமிழில் வருவதில்லை. நம் மாநிலப் பாடநூல்தான் துணை, அது கையில் ஏற்கெனவே இருக்கிறது. மையம் தரும் பாடக்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ் வினாத்தொகுப்பு தனியாக வாங்க வேண்டும், அதற்கு இன்னொரு 600 முதல் 800 வரை எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பு எந்த மொழியில் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்காமல் வந்து பிறகு வருந்தியவர்கள் நிறைய.

பாடக்குறிப்புக்கு 2,500 ரூபாய் தனியா கேக்குறாங்க. சரியா?

ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி விவரக் கையேடு, குறிப்புகள், பிற பாடப்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்ந்த மாணவருக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். சேர்ந்த பிறகு இடையில் கட்டணத்தை உயர்த்தவும் கூடாது. இது நேரடிச் சட்டம் அல்ல, நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் கையில் இருக்கிறது. என்றாலும் இப்படி ஒரு நெறிமுறை இருப்பது தெரியும் என்று நீங்கள் அமைதியாகச் சொன்னாலே அந்தத் தொகை குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் வீட்டுல இருந்தே போய்ட்டு வந்தா மிச்சம் ஆகாதா?

பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டர் சொச்சம். பேருந்துக்குப் போக 100, வர 100 என்று வைத்தால் 26 வகுப்பு நாளுக்கு 5,200. மதியச் சாப்பாடு நாளுக்கு 80 என்றால் 2,080. மொத்தம் 7,280. விடுதியும் வெளிச் சாப்பாடும் சேர்த்து மேலே 11,050 வந்தது. மிச்சம் 3,770 ரூபாய்.

ஆனால் பேருந்தில் தினம் ஐந்து மணி நேரம் போகும். 26 நாளில் 130 மணி நேரம். கடைசி மாதத்தில் ஒரு பாடத்தை முழுவதுமாகத் திருப்பிப் படிக்க அது போதும். அதனால் திருச்சிக்குத் தினமும் போய் வருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தஞ்சாவூரில் தரமான மையம் கிடைத்தால் பேச்சு வேறு. ஐம்பது கிலோமீட்டர்தான், இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் முடியும், வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் விடுதி, அதற்குள் என்றால் வீடு. நான் பெற்றோருக்குச் சொல்லும் எல்லை அதுதான்.

போக்குவரத்துக்கு எப்படிக் கணக்குப் போடறது? போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்தானே?

பிள்ளை மட்டும் போவதில்லையே. கொண்டுபோய் விடும்போது இரண்டு பேர், திரும்பும்போது ஒருவர். நடுவில் ஒரு ஞாயிறு பார்த்துவரப் போவீர்கள், வெறுங்கையோடு போகவும் மாட்டீர்கள். அழைத்துவரப் போகும்போது ஒருவர், திரும்பும்போது இரண்டு பேர். பெட்டி படுக்கையோடு இரண்டு முறை ஆட்டோ. இதையெல்லாம் சேர்த்து 1,350 வந்தது.

விடுதியிலிருந்து வகுப்புக்குப் பெண் பிள்ளைகள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாமல் போகலாம், 2021 முதல் அந்தத் திட்டம் இருக்கிறது. இருட்டிய பிறகு வர வேண்டிய பத்து நாளுக்கு மட்டும் ஷேர் ஆட்டோவுக்கு 300 வைத்தோம். ஆண் பிள்ளைகளுக்குத் தினசரி டிக்கெட் சேர்க்க வேண்டும். அதனால் விடுதி 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் கணக்கு ஒன்றுதான்.

ஸ்காலர்ஷிப் டெஸ்ட்ல 50 சதவீதம் தள்ளுபடின்னு சொல்றாங்களே?

எந்தத் தொகையில் 50 சதவீதம் என்று பாருங்கள். நோட்டீஸில் 30,000 என்று போட்டு, பதிவுக் கட்டணம், தேர்வுத்தொடர் கட்டணம் என்று அதில் பாதியைப் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் பயிற்சிக் கட்டணத்தில் மட்டும் தள்ளுபடி தருவது உண்டு. அப்போது 50 சதவீதம் என்பது உண்மையில் 25 ஆகிவிடும். ஜிஎஸ்டி கேள்விக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்: கட்ட வேண்டிய இறுதித் தொகையை எழுத்தில் வாங்கி, அதை மட்டும் வைத்து இரண்டு மையங்களை ஒப்பிடுங்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு தடவை கூட்டிக் காட்டுங்களேன்.

அந்த மாணவியின் கணக்கு இது.

- வகுப்பு, வரியோடு: 21,240
- விடுதி: 8,900
- வெளிச் சாப்பாடு: 2,150
- புத்தகம், ஜெராக்ஸ்: 1,800
- போக்குவரத்து: 1,650
- வாளி, பாய், பூட்டு, மருந்து, ரீசார்ஜ்: 1,550
- தேர்வு நாள்: 850

மொத்தம் 38,140. வகுப்புக் கட்டணம் போக மிச்சம் 16,900 வருகிறது, அதில் பத்தில் ஒரு பங்காக 1,700 ரூபாயைக் கைச்செலவுக்கு வைத்தோம். ஆக 40,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

நீட் விண்ணப்பக் கட்டணம் இதில் இல்லை, அது முன்பே கட்டியாகிவிட்டது. தேர்வு நாள் செலவு இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம், அவள் விண்ணப்பத்தில் தேர்வு நகரமாகத் தஞ்சாவூரைக் கேட்டிருந்தாள், அதுவே கிடைத்தது. மே 3 காலையில் வீட்டுக்கு வந்து, மறுநாள் வீட்டிலிருந்தே போனாள். எந்த நகரம் என்பது தேர்வுக்குச் சில நாள் முன்னால்தான் உறுதியாகும். தூரத்து ஊர் விழுந்தால் இரண்டு பேருக்கு ஒரு இரவு லாட்ஜ், கூடுதல் டிக்கெட் என்று 2,000 முதல் 3,000 வரை ஏறும்.

40,000தான் செலவுன்னா, மாசம் முழுக்கப் பிரிச்சுக் கட்டிக்கலாம்ல?

முடியாது, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வகுப்பு 21,240, விடுதி முன்பணம் 5,000, ஏப்ரல் வாடகை 7,000, மார்ச் 31 இரவுக்கு 300, புத்தகம் 1,800, சாமான்கள் 1,200, முதல் பயணம் 500. முதல் இரண்டு மூன்று நாளிலேயே 37,040 ரூபாய் கையை விட்டுப் போய்விடும். மாதக் கடைசியில் 4,000 திரும்பி வரும் என்பது அப்போது உதவாது.

அதனால் வகுப்புக் கட்டணத்தை மட்டுமாவது இரண்டு தவணையாகக் கேளுங்கள். மையத்தில் மறுத்தாலும் தயங்காமல் ஒருமுறை மேலாளரைப் பார்த்துக் கேளுங்கள். பத்தாம் நாள் வரை இரண்டாம் தவணை நம்மிடம் இருந்தால், வகுப்பு சரியில்லை என்றால் பேசவும் ஒரு பிடி இருக்கும்.

பாதில நின்னுட்டா பணம் திரும்பக் கிடைக்குமா?

மேலே சொன்ன அதே நெறிமுறைப்படி கிடைக்க வேண்டும். முழுத் தொகையும் கட்டிவிட்டுப் பாதியில் விலகினால், மீதி நாளுக்கான தொகையை விகிதப்படி 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மையத்தின் விடுதியிலேயே தங்கியிருந்தால் விடுதி, உணவுக் கட்டணத்துக்கும் இது பொருந்தும். 18,000 ரூபாயை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 600. பத்து நாளில் விலகினால் 12,000 கேட்கலாம்.

விலகும் நாளிலேயே தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் நாள் கணக்கில் தகராறு வரும். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம், ரசீதும் கடித நகலும் அப்போது தேவைப்படும்.

வருமான வரில இந்தக் கட்டணத்தைக் காட்டலாமா?

முடியாது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தின் முழுநேரப் படிப்புக்கான கல்விக் கட்டணத்துக்குத்தான் சலுகை. பயிற்சி மையக் கட்டணம் அதில் வராது.

பரீட்சையையே தள்ளி வெச்சுட்டா என்ன சார் பண்றது?

நடந்திருக்கிறது. 2021இல் ஆகஸ்ட் 1 என்று சொன்ன நீட் செப்டம்பர் 12க்குப் போனது. அப்படி வந்தால் இன்னொரு மாதம் வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பாடம் முடிந்திருக்கும், தேவைப்படுவது மாதிரித் தேர்வு மட்டும்தான். விடுதியை உடனே காலி செய்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வாருங்கள், கூடுதல் நாளுக்கு 300 என்று எழுதி வாங்கிய ரசீது அன்றைக்குக் கைகொடுக்கும். பழைய வினாத்தாள்கள் nta.ac.in தளத்தில் இருக்கின்றன, பிரதி எடுத்து வாரத்துக்கு இரண்டு தாள் வீட்டிலேயே பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எழுதச் சொல்லுங்கள், உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான். மாதிரித் தேர்வுக்கு மட்டும் மையம் தனிக் கட்டணம் சொன்னால், அதையும் வரியோடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.